கம்பெனியின் லிங்க்ட்இன் பதிவையும் வேலை அறிவிப்பையும் சொந்தக் கணக்கில் பகிர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஆர். அனுப்பிய வேலை அறிவிப்பை அப்படியே ரீபோஸ்ட் பண்ணிவிட்டால் போதாதா? அதில் என்ன குறை?

குறை என்று ஒன்றும் இல்லை. பலன்தான் பெரிதாக இருக்காது. லிங்க்ட்இனில் Repost என்பதை மட்டும் அழுத்தினால் கம்பெனிப் பக்கத்தின் பதிவு அப்படியே போகும். அதற்கு மேலே, நீங்கள் பகிர்ந்ததாகச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். பார்ப்பவர் கண்ணில் படுவது கம்பெனியின் லோகோவும் கம்பெனி செய்த படமும் கம்பெனி எழுதிய வாசகமும்தான். உங்கள் பெயரைப் பார்த்து நின்றவர்கூட விளம்பரம் என்று தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

இதற்குப் பக்கத்திலேயே Repost with your thoughts என்று இன்னொன்று இருக்கிறது. அதில் நீங்கள் எழுதுவது மேலேயும் கம்பெனியின் பதிவு கீழே ஒரு கட்டத்துக்குள்ளும் வரும். மூன்றாவது வழி, புதிதாக ஒரு பதிவை நீங்களே எழுதி வேலைக்கான இணைப்பைக் கடைசியில் வைப்பது. சொல்ல நாலு வரி இருந்தால் இரண்டாவது வழி, ஒரு பத்தி இருந்தால் மூன்றாவது.

ஆனால் எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதைவிட, கம்பெனியால் சொல்ல முடியாத எதை நீங்கள் சொல்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். இடம் ஏன் காலியானது, டீம் லீட் எப்படிப்பட்டவர், ராத்திரி எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேரலாம் என்பதெல்லாம் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். அப்படி ஒன்றுகூட உங்களிடம் இல்லையென்றால் பொதுவில் போடாமல், பொருத்தமான இரண்டு பேருக்குத் தனியாக அனுப்பிவிடலாம்.

எனக்கும் எச்.ஆர். கொடுத்த அந்த நாலு வரிதானே தெரியும்? வேறு என்ன எழுதுவது?

எச்.ஆரிடம் போகாதீர்கள். அந்த ஆள் யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறாரோ, அந்த மேனேஜரைப் பிடியுங்கள். டீ குடிக்கப் போகும்போது கேட்டாலே போதும், பத்து நிமிடத்து வேலை.

முதலில் கேட்க வேண்டியது, இந்த இடம் நிஜமாகவே திறந்திருக்கிறதா என்பது. உள்ளேயே ஒருவரை முடிவு செய்துவிட்டு, முறைக்காக வெளியிலும் அறிவிப்பது பல கம்பெனிகளில் நடக்கிறது. அதை நீங்கள் பகிர்ந்து, உங்களை நம்பி நாலு பேர் லீவு போட்டு இன்டர்வியூவுக்கு வந்தால் கெடுவது உங்கள் பெயர். அடுத்து, இது புது இடமா, யாராவது விலகியதால் வந்த இடமா? சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் அந்த ஆள் கையில் என்ன வேலை இருக்கும்? எதைப் பார்த்தால் ரெஸ்யூமை உடனே ஒதுக்கிவிடுவார்?

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும். அறிவிப்பில் பன்னிரண்டு தகுதிகள் இருக்கும். மேனேஜரைக் கேட்டால், "இதில் ரெண்டு இருந்தால் போதும்ப்பா, மிச்சத்தை இங்கே கத்துக்கலாம்" என்பார். அந்த இரண்டு எவை என்பதை எழுதினாலே உங்கள் பதிவு கம்பெனி அறிவிப்பைவிடப் பயனுள்ளதாகிவிடும். பன்னிரண்டையும் பார்த்து மிரண்டு விண்ணப்பிக்காமல் விட்டிருக்கக்கூடிய நல்ல ஆட்களும் வருவார்கள்.

பேச்சாகச் சொன்னால் புரியவில்லை. ஒரு பதிவை எடுத்து மாற்றிக் காட்ட முடியுமா?

சரி. பெருங்குடியில் ஒரு கம்பெனி. லாரி புக்கிங், சரக்கு கண்காணிப்புக்கான மென்பொருள் செய்கிறார்கள். அங்கே டெஸ்டிங் பிரிவில் இருக்கும் என் தோழி ஒருவருக்கு எச்.ஆர். இப்படி ஒன்றை அனுப்பி, பகிரச் சொன்னார்கள்:

> நாங்கள் வேகமாக வளர்கிறோம்! எங்கள் துடிப்பான குடும்பத்தில் இணைய ஆர்வமும் திறமையும் மிக்கவர்களைத் தேடுகிறோம். பதவி: க்யூ.ஏ. இன்ஜினியர். அனுபவம்: 3–5 ஆண்டுகள். இடம்: சென்னை. கவர்ச்சிகரமான சம்பளம். இந்த அருமையான வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்!

இதில் தகவல் என்று பார்த்தால் பதவி, அனுபவம், ஊர் மூன்றுதான். மிச்சம் எந்தக் கம்பெனியும் எந்த வேலைக்கும் போடக்கூடியது. "சென்னை" என்பதுகூடத் தகவல் ஆகாது. ஆவடியில் இருப்பவருக்கும் மேடவாக்கத்தில் இருப்பவருக்கும் பெருங்குடி ஒரே தூரமா என்ன?

அவர் மேனேஜரிடம் பேசிவிட்டு எழுதியது கீழே. லிங்க்ட்இனில் ஆங்கிலத்தில் போட்டார். நான் தமிழில் தருகிறேன்.

> என் டீமில் இரண்டு டெஸ்டர் தேவை. பெருங்குடி ஆபீஸ், 3 முதல் 5 வருட அனுபவம்.
>
> லாரி எங்கே போகிறது, சரக்கு இறங்கியதா என்று காட்டும் மென்பொருள் எங்களுடையது. ஒரு இடம் புதிது. இன்னொன்று, எங்களோடு இருந்த ஒருவர் டெவலப்மென்ட் பக்கம் மாறியதால் வந்தது.
>
> ஏபிஐ டெஸ்டிங் கையால் செய்து பழகியிருக்க வேண்டும், ஜாவாவில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதத் தெரிய வேண்டும். அறிவிப்பில் உள்ள மற்றவை இல்லையென்றாலும் விண்ணப்பிக்கலாம்.
>
> வேலை நேரம் மதியம் 12.30 முதல் இரவு 9.30. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் வர வேண்டும். இரவில் வீட்டுக்கு கேப் உண்டு. மாதக் கடைசி வியாழக்கிழமை ரிலீஸ் என்பதால் அன்றைக்குத் தாமதமாகும்.
>
> இன்டர்வியூ மூன்று சுற்று. முதல் சுற்றில் ஒரு ஏபிஐ கொடுத்து டெஸ்ட் எழுதச் சொல்வார்கள், ஒன்றரை மணி நேரம். 60 நாள் நோட்டீஸ் வரை காத்திருப்பார்கள்.
>
> நான் இங்கேதான் வேலை செய்கிறேன், ரெஃபரல் போனஸும் உண்டு. கேள்வி இருந்தால் மெசேஜில் கேளுங்கள்.

"அருமையான வாய்ப்பு" என்ற பேச்சே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலை அருமையா இல்லையா என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

பதவி, இடம், அனுபவம் மூன்றும் முதல் வரியிலேயே வந்துவிட்டன. அதற்குக் காரணம் உண்டு. போனில் பார்க்கும்போது லிங்க்ட்இன் முதல் சில வரிகளை மட்டும் காட்டி, மிச்சத்தை மடித்து வைத்துவிடும். "மிக்க மகிழ்ச்சியுடன் பகிர்ந்துகொள்கிறேன்" என்று தொடங்கினால் அந்த மகிழ்ச்சி மட்டும்தான் வெளியே தெரியும்.

மதியம் 12.30 மணி ஷிஃப்ட் என்பதைப் பார்த்ததும் சிலர் விலகிவிடுவார்கள். விலகட்டும். அவர்கள் மூன்றாவது சுற்றில் விலகினால் இரண்டு பக்கமும் நேரம் வீண். அதே வரியைப் பார்த்து, காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரலாமே என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். கேப் உண்டு என்ற வரி இல்லாமல் 9.30 என்று மட்டும் எழுதியிருந்தால் அவர்களில் பாதிப் பேர் மேற்கொண்டு படித்திருக்க மாட்டார்கள்.

ரிலீஸ் அன்று லேட் ஆகும், ஒருவர் டீம் மாறினார் என்றெல்லாம் எழுதினால் கம்பெனியில் கோபப்பட மாட்டார்களா?

இன்டர்வியூவில் எச்.ஆரே சொல்லக்கூடிய விஷயம் என்றால் நீங்களும் சொல்லலாம். ஷிஃப்ட் நேரம், ஆபீஸ் வரும் நாட்கள், ரிலீஸ் பளு எல்லாம் இதில் வரும். சந்தேகமாக இருந்தால் பதிவை மேனேஜருக்கு ஒருமுறை அனுப்பி, "இதைப் போடட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். தோழியும் அப்படித்தான் செய்தார். மேனேஜர் ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னார்; அதில் ஒரு வாடிக்கையாளரின் பெயர் இருந்தது.

உண்மையிலேயே தொடக்கூடாதவை என்று சில உண்டு. வாடிக்கையாளர் கம்பெனியின் பெயர் அதில் முதலாவது. ஒப்பந்தத்திலேயே ரகசியம் காக்கச் சொல்லியிருப்பார்கள். அப்புறம், உங்கள் கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதாக இருந்தால், "பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறது, அதனால் இருநூறு பேரை எடுக்கிறோம்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஆர்டரைக் கம்பெனி இன்னும் சந்தைக்கு அறிவிக்கவில்லை என்றால், பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய வெளியிடப்படாத தகவலை நீங்கள் வெளியே விட்டதாக ஆகும். செபியின் 2015ஆம் ஆண்டு இன்சைடர் டிரேடிங் விதிமுறைகள் இதைத்தான் தடுக்கின்றன. ஆள் எடுக்கும் உற்சாகத்தில் எழுதும் ஒரு வரி அங்கே கொண்டுபோய் விட வேண்டாம்.

படம் போடுவதாக இருந்தால் பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகை, திறந்திருக்கும் திரை, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சம்பளத்தைப் போடலாமா?

கம்பெனி அனுமதித்தால் கட்டாயம் போடுங்கள். "8 முதல் 12 லட்சம்" என்று எழுதினால் 15 வாங்கிக்கொண்டிருப்பவர் உங்களுக்கு மெசேஜ் அனுப்பி ஏமாற மாட்டார். அனுமதி இல்லையென்றால் அதையே நேராகச் சொல்லலாம்: "சம்பள வரம்பை இங்கே எழுத அனுமதி இல்லை, முதல் போனிலேயே எச்.ஆரிடம் கேளுங்கள், சொல்வார்கள்." சொல்வார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "கவர்ச்சிகரமான சம்பளம்", "சந்தைக்கு ஏற்ற சம்பளம்" இரண்டும் வேண்டாம். குறைவாகத்தான் தருவார்கள் என்றே அவற்றை எல்லோரும் படிக்கிறார்கள்.

ஆள் சேர்ந்தால் எனக்கு ரெஃபரல் போனஸ் வரும். அதை வெளியே சொன்னால் பணத்துக்காகச் செய்வதாக நினைப்பார்களே?

சொல்லாமல் இருந்தால்தான் அப்படி நினைப்பார்கள். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் யாருக்கும் ரெஃபரல் போனஸ் என்ற ஒன்று இருப்பது தெரியும். நீங்கள் மறைத்தால் வேறு எதையெல்லாம் மறைக்கிறீர்களோ என்ற சந்தேகம் வரும். ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். தொகையை எழுத வேண்டியதில்லை.

ரெஃபரலில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பிப்பவர் கம்பெனியின் பொது இணைப்பு வழியாகத் தானே போய் விண்ணப்பித்துவிட்டால், பல கம்பெனிகளில் அவர் பெயர் அந்த அமைப்பில் பதிவாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் ரெஃபர் செய்தால் ஏற்றுக்கொள்ளாது. உங்கள் போனஸ் கைநழுவிப் போவது ஒரு பக்கம். உங்கள் ரெஃபரலை நம்பியிருந்தவரின் ரெஸ்யூம் ஆயிரத்தோடு ஒன்றாகக் கிடக்கும் என்பதுதான் பெரிய நஷ்டம். ஆகவே பதிவு போடும் முன் உங்கள் கம்பெனியின் ரெஃபரல் விதியைப் படியுங்கள். விதி அப்படி இருந்தால் பொது இணைப்பைக் கொடுக்காமல், "விண்ணப்பிக்கும் முன் எனக்கு மெசேஜ் செய்யுங்கள்" என்று எழுதுங்கள். ஆனால் வருகிற மெசேஜ்களுக்கு நேரம் ஒதுக்க முடிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். மெசேஜ் செய்யச் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் திறந்தே பார்க்காமல் இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதிவு போட்டால் கமெண்டில் "இன்ட்ரஸ்டட்", "சி.எஃப்.பி.ஆர்." என்று ஐம்பது பேர் எழுதுகிறார்கள். என்ன செய்வது?

சி.எஃப்.பி.ஆர். நம் ஊர் லிங்க்ட்இனில் நன்றாக ஊறிப்போன பழக்கம். "இன்னும் பலரைச் சென்றடைய கமெண்ட் செய்கிறேன்" என்பது அதன் பொருள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நாலு எழுத்து வரிசையாக முப்பது தடவை இருந்தால் யாரோ ஆள் வைத்துத் தள்ளிய பதிவு போலத் தெரியும். நண்பர்களிடம், "கமெண்ட் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த ஒரு டெஸ்டருக்கு இதை ஃபார்வர்ட் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பலரைச் சென்றடைவதால் உங்களுக்கு என்ன லாபம்? தேவைப்படுவது இரண்டு பேர்.

"இன்ட்ரஸ்டட்" என்பது வேறு கதை. அவர்கள் நிஜமாகவே வேலை தேடுபவர்கள், சிலர் புதிதாகப் படிப்பை முடித்தவர்கள். பதிவிலேயே ஒரு சின்ன வாசல் வைத்தால் இது பெருமளவு குறையும். தோழி அடுத்த முறை இப்படி எழுதினார்: "மெசேஜில் மூன்று விஷயம் எழுதுங்கள்: இப்போது எங்கே வேலை, நோட்டீஸ் எத்தனை நாள், சமீபத்தில் நீங்கள் பிடித்த ஒரு பக் என்ன." மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காதவர்கள் வரவில்லை. செலவழித்தவர்களின் பதிலைப் பார்த்தே யாருடைய ரெஸ்யூமை முதலில் திறப்பது என்று தெரிந்துவிட்டது.

கமெண்டில் யாராவது போன் நம்பரைப் போட்டால் உடனே அவருக்கு மெசேஜ் செய்து எடுக்கச் சொல்லுங்கள். வேலை மோசடிக்காரர்கள் அந்த நம்பர்களைப் பொறுக்கி, உங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். "உங்கள் ரெஸ்யூம் தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். பதிவைப் பார்த்துவிட்டுத்தான் கமெண்ட் போட்டார் என்பதால் அவரும் நம்பிவிடுவார். அதனால் பதிவின் அடியில் "எங்கள் கம்பெனி எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை" என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. யாராவது பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம்.

வேலை அறிவிப்பு சரி. விருது, புது ரிலீஸ், ஆண்டு விழா என்று கம்பெனி போடுவதை எப்படிப் பகிர்வது?

ஆண்டு விழாவை விட்டுவிடலாம். ஆடியது நீங்களாக இருந்தால் ஒரு லைக்.

விருதும் பெரும்பாலும் வெளியாட்களுக்குத் தேவையில்லாதது. விருது கொடுத்தவரையும் அவர்களுக்குத் தெரியாது, எதற்காகக் கொடுத்தார்கள் என்றும் தெரியாது. விருதுக்குப் பின்னால் நீங்கள் பார்த்த ஒரு வேலை இருந்தால் அதை எழுதுங்கள்.

புது ரிலீஸ் பற்றிய பதிவுதான் நன்றாக எழுத வரும். அதே பெருங்குடி கம்பெனி, "எங்கள் ஓட்டுநர் செயலியில் இப்போது ஆஃப்லைன் வசதி" என்று ஒன்று போட்டது. "தடையற்ற அனுபவம்" என்ற சொல்லும் வழக்கம்போல் இருந்தது. தோழி அதைப் பகிர்ந்து மேலே எழுதியதன் சாரம் இது. ஒரகடம் பக்கத்து கோடவுன் ஒன்றில் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் வராது. சரக்கை இறக்கியதும் சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியான பி.ஓ.டி. ரசீதை டிரைவர் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும்; ஏறாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் கேட் வரை நடந்துபோய், அங்கே ஏற்றிவிட்டுத் திரும்பி வருவார். இப்போது போட்டோ போனிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் தானாகப் போகிறது. டெஸ்ட் செய்யும்போது ஒரே போட்டோ இரண்டு முறை ஏறிய பக்கைப் பிடிக்க எங்களுக்கு நாள் கணக்கில் ஆனது.

கோடவுனின் பெயரோ வாடிக்கையாளர் பெயரோ அதில் இல்லை. கம்பெனியைப் புகழவும் இல்லை. ஆனால் அந்தப் பதிவின் கீழே லாரித் தொழிலில் இருக்கும் ஒருவர் வந்து, "எங்களுக்கும் இதே தொல்லைதான்" என்று எழுதியிருந்தார். அப்படி ஒருவர் வந்து பேசுகிறார் என்றால் பதிவு விளம்பரமாகத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சொந்தக் கம்பெனி ஆட்கள் மட்டும் கைதட்டினால் விளம்பரமாகத்தான் தெரிகிறது.

பொருளையோ சேவையையோ நல்லது என்று எழுதும்போது, நீங்கள் அங்கே வேலை செய்வதைப் பதிவுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். புரொஃபைலில் கம்பெனி பெயர் இருக்கிறதே என்று விடாதீர்கள். பதிவு ஸ்கிரீன்ஷாட்டாகப் போகும்போது புரொஃபைல் கூடப் போகாது. இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம், அதாவது ஆஸ்கி, 2021இல் இன்ஃப்ளூயன்சர்களுக்காகக் கொண்டுவந்த வழிகாட்டுதல்களில் வெளிப்படுத்த வேண்டிய தொடர்புகளின் பட்டியலில் பணமும் பரிசும் மட்டுமல்ல, வேலை உறவும் இருக்கிறது. சாதாரண ஊழியரைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்றாலும், அந்த அளவுகோல் நியாயமானதுதான். இதே காரணத்தால் சொந்தக் கம்பெனிக்கு வாடிக்கையாளர் போல ஐந்து நட்சத்திர ரிவ்யூ எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மேனேஜர் ஒவ்வொரு பதிவுக்கும் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி, "எல்லோரும் லைக், கமெண்ட் போடுங்கள்" என்கிறார். எப்படித் தப்பிப்பது?

லைக் போட்டுவிடுங்கள், அதில் சண்டை எதற்கு. கமெண்டில்தான் சிக்கல். லிங்க்ட்இனில் கமெண்ட் போடுபவரின் பெயருக்குக் கீழே அவர் என்ன வேலை செய்கிறார் என்ற வரியும் தெரியும். பத்து நிமிட இடைவெளிக்குள் பதினைந்து பேர் "கங்கிராட்ஸ் டீம்!" என்று எழுதி, பதினைந்து பேரும் அதே கம்பெனி என்றால் பார்ப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். இதை மேனேஜரிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு காட்டுங்கள். வாதாடுவதைவிட அது சீக்கிரம் புரியும். கூடவே ஒரு மாற்று வழியும் சொல்லுங்கள்: "சார், எல்லாப் பதிவுக்கும் நான் போட மாட்டேன். நான் வேலை செய்த ரிலீஸ் வரும்போது நானே எழுதித் தருகிறேன்." பெரும்பாலான மேனேஜர்கள் இதற்குச் சம்மதித்துவிடுவார்கள். அவர்களுக்கும் மேலிருந்து வரும் நெருக்கடிதான் இது.

அடிக்கடி போடுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் கடைசியாகப் போட்ட பத்துப் பதிவுகளை வரிசையாகப் பாருங்கள். அவற்றில் கம்பெனியைப் பற்றியவை இரண்டு மூன்றுக்கு மேல் போனால் அது கம்பெனிப் பக்கத்தின் கிளை ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இது என் கணக்கு, லிங்க்ட்இன் போட்ட விதி இல்லை.

எங்களுடையது அம்பத்தூரில் இயந்திர பாகங்கள் செய்யும் கம்பெனி. ஆபரேட்டர், சூப்பர்வைசர் தேவை. அவர்கள் லிங்க்ட்இனில் இல்லையே?

அப்படியென்றால் வாட்ஸ்அப், அதுவும் தமிழில். ஐ.டி.ஐ. படித்த பையனுக்கோ டிப்ளமா முடித்தவருக்கோ முதலில் தெரிய வேண்டியது கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட்டா என்பது. அதைச் சொல்லாத அறிவிப்பை கான்ட்ராக்ட் என்றே எடுத்துக்கொள்வார்கள். அடுத்து, பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா, ஷிஃப்ட் சுழற்சி எப்படி, கம்பெனி பஸ் எந்த வழியாக வருகிறது, கேன்டீனில் சாப்பாடு உண்டா. பஸ் நிற்கும் இடங்களின் பெயரை எழுதுங்கள். திருவள்ளூரிலிருந்து வருகிறவருக்கு அதுதான் சம்பளத்துக்கு அடுத்த பெரிய விஷயம்.

குழுக்களில் போடும்போது தேதியையும் உங்கள் பெயரையும் செய்திக்குள்ளேயே எழுதுங்கள். ஃபார்வர்ட் ஆகிப் போன செய்தியில் யார் எப்போது எழுதியது என்பது தங்காது. ஆறு மாதம் கழித்தும் யாரோ உங்கள் கேட்டில் வந்து நிற்பார்கள். சொந்த போன் நம்பரைக் கொடுப்பதாக இருந்தால், அது எங்கெல்லாம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை என்று தெரிந்தே கொடுங்கள். கம்பெனியின் லேண்ட்லைனோ எச்.ஆர். நம்பரோ இருந்தால் அதைப் போடுவது உத்தமம்.

ஆள் கிடைத்துவிட்டது. பதிவை அழித்துவிடலாமா?

அழிக்க வேண்டாம். அழித்தால் கமெண்டில் கேள்வி கேட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் போகும். லிங்க்ட்இனில் போட்ட பிறகும் எழுத்தைத் திருத்தலாம். முதல் வரிக்கும் மேலே "இரண்டு இடமும் நிரம்பிவிட்டது" என்று தேதியோடு சேர்த்துவிடுங்கள். புரொஃபைல் படத்தில் #Hiring வளையம் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

மெசேஜ் அனுப்பியவர்களுக்கும் ஒரு பதில் போக வேண்டும். ஒரே வாசகத்தை எழுதி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அனுப்பலாம், தப்பில்லை: "இந்த முறை வேறொருவரை எடுத்துவிட்டார்கள். உங்கள் ரெஸ்யூமை என்னிடம் வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா?" அழிக்கச் சொன்னால் மெயிலிலிருந்தும் போனின் டவுன்லோட் ஃபோல்டரிலிருந்தும் அழித்துவிடுங்கள். ரெஸ்யூமில் ஒருவருடைய முகவரி, பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் இருக்கும். வைத்துக்கொள்ளச் சொன்னவர்களின் பெயரையும் அவர்கள் பிடித்த பக்கையும் ஒரு இடத்தில் குறித்து வையுங்கள். மேனேஜர் அடுத்த தடவை ஆள் கேட்கும்போது, பதிவு போடும் முன் அந்தப் பட்டியலைத் திறந்தால் போதும். தோழியின் டீமில் மூன்றாவதாகச் சேர்ந்தவர் அப்படி வந்தவர்தான். அந்த இடத்துக்குப் பதிவே போடவில்லை.